சுக்கிர திசையில் எந்தப் புத்தி?

அன்புள்ள ஐயா,

நான் 1990 ஜனவரியில், மார்கழி மாதம் வளர்பிறை அஷ்டமியன்று மாலை 4 மணிக்குப் பிறந்தேன். ரிஷப லக்னம், மீன ராசி, ரேவதி 2ஆம் பாதம். வீட்டில் எழுதிவைத்த வாக்கிய ஜாதகத்தில் புதன் திசை இருப்பு 11 ஆண்டு 3 மாதம் என்றிருக்கிறது. கணினியில் போட்ட திருக்கணித ஜாதகத்தில் 12 ஆண்டு 6 மாதம் வருகிறது. ஊர் ஜோதிடர் எனக்குப் புதன் புத்தி தொடங்கிவிட்டது என்கிறார். சென்னையில் பார்த்தவரோ இன்னும் சனி புத்திதான், மோசமான காலம் என்கிறார். 2022 ஆகஸ்டில் வேலை போனது. இப்போது கிடைத்திருக்கும் வேலையும் பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா, புத்தி மாறும்வரை இருக்க வேண்டுமா? 2016 நவம்பரிலிருந்து 2019 ஜூலை வரை வெளிநாட்டில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசகர், திருச்சி
பிப்ரவரி 2025

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு ஜோதிடர்களும் பலன் சொல்வதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். பிரிந்த இடம் உங்கள் ஜாதகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் ‘கர்ப்பச் செல் நீக்கி இருப்பு’ என்ற வரி. அதைச் சரிபார்க்காமல் சனி நல்லவரா, புதன் நல்லவரா என்று பேசுவதில் பொருளில்லை.

விம்சோத்தரி திசையின் சுற்று மொத்தம் 120 ஆண்டு. பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற நட்சத்திரத்தின் அதிபதிதான் முதல் திசைநாதர். ரேவதிக்குப் புதன், அவருக்கு 17 ஆண்டு. ஒரு நட்சத்திரத்தின் நீளம் 13 பாகை 20 கலை. அதில் சந்திரன் கடந்த பகுதிக்கு உரிய ஆண்டுகள் பிறக்கும் முன்பே கழிந்ததாகக் கணக்கு. மிச்சப் பகுதிக்கு உரியதே இருப்பு. உங்களுக்குத் திருக்கணிதத்தில் சந்திரன் ரேவதிக்குள் சுமார் மூன்றரைப் பாகை வந்திருக்கிறார், வாக்கியத்தில் சுமார் நாலரைப் பாகை. இரண்டுமே 2ஆம் பாதம்தான். அதனால்தான் நட்சத்திரம், பாதம், ராசி எல்லாம் ஒன்றாகவே இருக்க, யாருக்கும் ஐயம் வரவில்லை. ஆனால் புதனின் 17 ஆண்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 15 மாதம். உங்கள் இரண்டு இருப்புக்கும் உள்ள வித்தியாசம் சரியாக அதுவே.

அந்த ஒரு பாகை ஏன் வந்தது? வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களைக் கொண்டு சந்திரனைக் கணிக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அந்தக் கணக்கு வானத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். அஷ்டமியை ஒட்டி விலகல் அதிகமாகும், ஏனெனில் சந்திரன் மீது சூரியனின் ஈர்ப்பு உண்டாக்கும் ஒரு திருத்தம் அதில் சேரவில்லை. நீங்கள் பிறந்ததோ அஷ்டமியில். கோயில் திருவிழாவுக்கும் விரதத்துக்கும் வாக்கியத்தைப் பின்பற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. திசை இருப்புக்கு மட்டும், வானத்தில் சந்திரன் உண்மையில் நின்ற இடத்தைத் தரும் திருக்கணிதத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் கணக்கு. 1990 ஜனவரியோடு 12 ஆண்டு 6 மாதம் கூட்டினால் 2002 ஜூலை, புதன் திசை முடிவு. கேது 7 ஆண்டு, 2009 ஜூலை வரை. அதன்பின் சுக்கிரன் 20 ஆண்டு, 2029 ஜூலை வரை. வாக்கியப்படியும் நடப்பது சுக்கிர திசையே, 2008 ஏப்ரலில் தொடங்கி 2028 ஏப்ரலில் முடிவது. ஆக, திசையில் சண்டையில்லை, புத்தியில்தான்.

புத்தியின் நீளத்தைக் காண ஓர் எளிய வழி உண்டு. திசைநாதரின் ஆண்டையும் புத்திநாதரின் ஆண்டையும் பெருக்குங்கள். கடைசி இலக்கத்தை மூன்றால் பெருக்கினால் நாட்கள், முன்னால் இருப்பது மாதங்கள். சுக்கிர திசையில் சனி புத்தி 20 பெருக்கல் 19, அதாவது 380. எனவே 38 மாதம், நாட்கள் இல்லை. சுக்கிரனுக்கு எல்லாப் புத்தியும் முழு மாதங்களாகவே வந்துவிடும். சுயபுத்தி 40 மாதம், பிறகு சூரியன் 12, சந்திரன் 20, செவ்வாய் 14, ராகு 36, குரு 32, சனி 38, புதன் 34, கேது 14. 2009 ஜூலையிலிருந்து இவற்றைக் கூட்டிக்கொண்டே வந்தால் ராகு புத்தி 2016 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரை, குரு 2022 மே வரை, சனி 2025 ஜூலை வரை, புதன் 2028 மே வரை. வாக்கியப்படி ஒவ்வொன்றும் 15 மாதம் முன்னதாக முடியும். சனி அப்படி 2024 ஏப்ரலிலேயே போய்விடுகிறார்.

எது சரி என்று நடந்ததைக் கொண்டு சோதிக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வேலை போன 2022 ஆகஸ்டை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த மாதம் இரண்டு கணக்கிலும் சனி புத்திக்குள்ளேயே விழுகிறது, எனவே அது எதையும் தீர்க்காது. இரண்டு கணக்கும் வேறு வேறு புத்தியைக் காட்டும் நிகழ்ச்சி வேண்டும். உங்கள் வெளிநாட்டு வாசம் அப்படிப்பட்டது. ரிஷபத்துக்கு ஒன்பதாம் இடமான மகரத்தில் திசைநாதர் சுக்கிரனும் ராகுவும் சேர்ந்திருக்கிறார்கள். தூர தேசத்துக்கு இது தெளிவான குறி. நீங்கள் போனதும் வந்ததும் திருக்கணித ராகு புத்திக்குள் முழுமையாக அடங்குகின்றன. வாக்கியப்படி கடைசி ஓராண்டு குரு புத்திக்குள் போய்விடும். ஒரு நிகழ்ச்சி போதாது என்றாலும் தராசு திருக்கணிதப் பக்கம் சாய்கிறது. திருமணம், குழந்தை, பெற்றோர் உடல்நலம் என்று இன்னும் மூன்று தேதிகளையாவது வைத்துப் பாருங்கள்.

சனி புத்தி என்றதும் ‘மோசம்’ என்று சொன்னதை நான் ஏற்கவில்லை. ரிஷப லக்னத்துக்குச் சனி ஒன்பது, பத்துக்கு அதிபதி, யோகக்காரர். ஆனால் உங்களுக்கு அவர் எட்டாம் இடமான தனுசில், சூரியனுக்கு மிக அருகில் அஸ்தங்கமாகி நிற்கிறார். திசைநாதர் சுக்கிரனுக்கு அது பன்னிரண்டாம் இடம். தொழிலுக்கு உரியவர் மறைந்திருப்பதால் தொழிலில் முறிவும் இடமாற்றமும் வருவது இயல்பு. யோகாதிபதி என்பதால் வேலை வேறு வடிவில் திரும்ப வரும், உங்களுக்கு வந்தும் இருக்கிறது. புத்திநாதரை லக்னத்திலிருந்தும் திசைநாதரிலிருந்தும் பார்க்காமல் கிரகத்தின் பெயரை மட்டும் கேட்டு அச்சமூட்டுவது ஜோதிடத்துக்குச் செய்யும் தீங்கு.

அந்தரம் வரை நுணுக்கிக் கேட்காதீர்கள். ரேவதியில் பிறந்தவருக்குப் பிறந்த நேரத்தில் பத்து நிமிடம் தவறினால் கணக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் நகரும். ‘மாலை 4 மணி’ என்பது முழுமையாக்கிய நேரம் போலத் தோன்றுகிறது. உங்கள் எல்லைத் தேதிகளுக்கு இருபுறமும் சில மாதம் விட்டே படியுங்கள். மென்பொருளின் அமைப்பில் ஆண்டு 360 நாளா, 365 நாளா என்பதையும் பாருங்கள். 360 நாளென்றால் 35 வயதில் ஏறத்தாழ ஆறு மாதம் முந்திக்கொண்டு வரும்.

வேலையைப் பற்றி: ஜூலை வாக்கில் வரும் புதன் உங்கள் லக்னத்துக்கு இரண்டு, ஐந்துக்கு உரியவர். வருமானமும் குடும்பமும் பேச்சில் வரும் காலம் என்று மரபு சொல்லும். ஆனால் புத்தி மாறும் நாளில் சம்பளம் மாறிவிடாது. திசை எந்தக் கிரகத்தின் முறை என்பதை மட்டும் சொல்கிறது, அதுவும் நம்பிக்கையின் வழியில். அடுத்த வேலையின் நியமன ஆணை கைக்கு வந்தால் பிப்ரவரியிலேயே விலகுங்கள். வராவிட்டால் ஜூலை வந்தாலும் விலகாதீர்கள்.

அன்புடன்.