தொலைபேசி மோசடியில் பணம் போன பின் சைபர் கிரைம் புகார்: கேள்வி பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், 78 வயது. ஓய்வூதியப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்க ஒரு செயலியைப் போடச் சொன்னான் ஒருவன். மூன்று தவணையாக 1,24,000 ரூபாய் போய்விட்டது. முதல் தவணைக்கு மட்டும் ஓ.டி.பி. என்ற கடவு எண்ணைச் சொன்னாராம். நேற்று மாலை சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்கு அழைத்துச் சொல்லிவிட்டோம். இனி என்ன எழுத வேண்டும்?

1930-க்கு அழைத்ததும் ஒப்புகை எண் ஒன்று குறுஞ்செய்தியாக வந்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டு cybercrime.gov.in தளத்தில் முழு விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். பலர் தொலைபேசியில் சொன்னதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு இன்று மாலை வரைதான் நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொடுக்கும் தகவல் முதலில் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செல்கிறது. அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். வேறு கணக்குக்கு மாறியிருந்தால், மாறிய விவரத்தோடு அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் ஓட்டம் அங்கே நின்றுவிடுகிறது. இந்தத் தேடல் முழுவதும் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. நம் கதையைப் படித்து யாரும் பணத்தைத் தேடுவதில்லை. வங்கியில் இந்தப் புகார்களைக் கையாண்ட காலத்தில் நான் அதிகம் பார்த்த பிழையும் அங்கேதான். யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். இரண்டிலும் அந்தக் குறிப்பு எண் 12 இலக்கம் கொண்டது. பணம் செலுத்தும் செயலிகள் சில, தங்களுக்கென்று எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட அடையாளம் ஒன்றைக் காட்டும். அதை எழுதினால் எதிர்முனை வங்கி தேடியும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே கிளையில் கணக்கு அறிக்கை வாங்கி, மூன்று பற்றுகளுக்கும் உள்ள எண்களை அதிலிருந்தே எடுத்து எழுதுங்கள்.

காவல் நிலையத்துக்கான மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: "மேற்படி தேதியில் காலை 11.10 மணிக்கு இன்ன எண்ணிலிருந்து அழைத்த நபர், தன்னை ஓய்வூதியப் பிரிவு அலுவலர் என்று கூறி, இன்ன பெயருள்ள செயலியை என் கைபேசியில் நிறுவச் செய்தார். அதன்பின் 11.24-க்கு 49,000 ரூபாயும், 11.26-க்கு 50,000 ரூபாயும், 11.41-க்கு 25,000 ரூபாயும் கீழ்க்கண்ட குறிப்பு எண்களின் வழியே என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றப்பட்டன. முதல் பரிவர்த்தனைக்கு மட்டும் கடவு எண்ணை நான் வாய்மொழியாகச் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் சொல்லவில்லை." நேரங்களையும் தொகைகளையும் உங்களுடையபடி மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியத்தை, உண்மை அதுவானால், எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கடவு எண் சொன்னதை மறைத்து எழுதுவதும் கூடாது. வங்கியிடம் பதிவு இருக்கும், மறைத்தது தெரிந்தால் மற்ற இரண்டு பற்றுகளைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கைபேசியை இணையத்திலிருந்து துண்டித்து, செயலியின் பெயரும் அழைப்புப் பட்டியலும் தெரியும்படி வேறு கைபேசியால் படம் எடுத்த பிறகே செயலியை நீக்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறு கருவியில் மாற்றுங்கள். அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால் ##002# என்று அழுத்த அது ரத்தாகும்.

இன்னொன்று. இனி வரும் நாட்களில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் செலுத்துங்கள்" என்று யாராவது அழைக்கக்கூடும். அவன் இரண்டாவது திருடன்.

களக்காட்டிலிருந்து: மனுவை எந்தக் காவல் நிலையத்தில் கொடுப்பது? மாநகரத்துக்குப் போங்கள் என்கிறார்கள், அங்கே போனால் மாவட்டம் என்கிறார்கள்.

பாளையங்கோட்டை, மேலப்பாளையம் போன்ற திருநெல்வேலி மாநகரப் பகுதியினருக்கு மாநகரக் காவல்துறையின் சைபர் கிரைம் நிலையம். களக்காடு, அம்பாசமுத்திரம், வள்ளியூர் எல்லாம் மாவட்டக் காவல்துறையின் சைபர் கிரைம் நிலையம். தென்காசி 2019 முதல் தனி மாவட்டம். ஆனால் எல்லை வேறு என்பதற்காகப் புகாரைப் பதிய மறுக்க முடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வள்ளியூரிலிருந்து: ஏன் இத்தனை அலைச்சல்? 3 நாளுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பணத்தையும் வங்கியே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறதே. அம்பாசமுத்திரத்துக்காரரிடம் அதைச் சொல்லுங்கள்.

உத்தரவு இருக்கிறது, 2017 ஜூலை 6-ஆம் தேதியிட்டது. ஆனால் நீங்கள் அதில் பாதியைச் சொல்கிறீர்கள். வங்கியும் தவறு செய்யாமல், வாடிக்கையாளரும் தவறு செய்யாமல், இடையில் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் ஓர் உச்சவரம்பு வரை அவர் ஏற்க வேண்டும்; சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். வாடிக்கையாளரே கடவு எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பின் போவது மட்டுமே வங்கியுடையது. தொலைபேசி மோசடிகளில் பெரும்பாலானவற்றில் நாமே ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு "3 நாள்" என்று மட்டும் பரப்புவது ஏமாற்றத்தில்தான் முடியும்.

பாளையங்கோட்டை வழக்கறிஞர் ஒருவர்: நீங்களும் முக்கால் பங்குதான் சொல்கிறீர்கள் சார். வாடிக்கையாளர் மீதுதான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது என்று அதே உத்தரவு சொல்கிறது. ஆசிரியர் இரண்டாவது, மூன்றாவது கடவு எண்களைச் சொல்லவில்லையே?

அந்த வரி உத்தரவில் இருப்பது உண்மை. அதனால்தான் மனுவில் மூன்று பற்றுகளையும் பிரித்து எழுதச் சொன்னேன். ஆனால் வங்கி என்ன பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் இருந்தவன் நான். கைபேசித் திரையை அழைத்தவனுக்குக் காட்டும் செயலியை நிறுவ அனுமதித்ததே கவனக்குறைவு, கடவு எண் திரையில் தெரிந்ததும் சொன்னதும் ஒன்றுதான் என்பார்கள்.

அதே வழக்கறிஞர்: கவனக்குறைவு வேறு, கடவு எண்ணைக் கொடுப்பது வேறு. 78 வயதுக்காரருக்குத் திரை பகிரப்படுகிறது என்றே தெரியாது. தவிர, ஆள்மாறாட்டக்காரனுக்கு ஆவணம் சரிபார்க்காமல் கணக்குத் திறந்துகொடுத்த எதிர்முனை வங்கிக்குப் பொறுப்பே இல்லையா?

வயதை வங்கி கணக்கில் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் உத்தரவில் கவனக்குறைவுக்குக் கடவு விவரத்தைக் கொடுப்பது ஓர் எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எல்லை அதோடு முடிகிறது என்று அது சொல்லவில்லை. எதிர்முனை வங்கி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் நான் பார்த்த வரையில் வாடகைக்கு விடப்படும் கணக்குகள் பெரும்பாலும் சரியான ஆவணத்தோடு திறக்கப்பட்டவைதான். கணக்கு உரியவரே சில ஆயிரங்களுக்கு அட்டையையும் சிம்மையும் ஒப்படைத்துவிடுகிறார். அங்கே ஆவணச் சரிபார்ப்பில் குறை காண்பது கடினம். நேற்று வரை நூறுகளில் ஓடிய கணக்கில் ஒரே காலையில் லட்சங்கள் ஓடியதைக் கவனிக்காமல் விட்டதில் குறை காணலாம். வழக்கறிஞர் அந்த வழியில் வாதாடட்டும்.

தாழையூத்திலிருந்து: சண்டை இருக்கட்டும். எங்கள் அத்தைக்கும் ஓ.டி.பி. சொல்லித்தான் பணம் போனது. வங்கி தருமா?

இதற்கு மேலே இரண்டு முறை பதில் சொல்லியாயிற்று.

மேலப்பாளையத்திலிருந்து: நான் பணம் இழக்கவில்லை. என் கடையில் யாரோ யு.பி.ஐ.யில் 2,600 ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போனார்கள். இப்போது என் கணக்கு முழுவதும் முடங்கிவிட்டது. வேறு மாநிலப் போலீஸ் என்கிறார்கள். நானும் 1930-க்குப் புகார் கொடுக்கவா?

வேண்டாம், நீங்கள் இழந்தவர் இல்லை. மேலே நான் சொன்ன பண ஓட்டத்தில் உங்கள் கடை ஒரு கணுவாக அகப்பட்டுக்கொண்டது. எந்தப் புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எந்த மின்னஞ்சல் என்று உங்கள் கிளையில் எழுத்தில் கேளுங்கள். அந்த அலுவலருக்கு விற்பனை ரசீது, அன்றைய கணக்கு அறிக்கை, கடை உரிமத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பி, 2,600 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கைத் திறந்துவிடக் கோருங்கள். "கணக்கைத் திறந்து தருகிறேன்" என்று பணம் கேட்டு வருபவனும் முன்பு சொன்ன இரண்டாவது திருடனின் உறவுக்காரன்தான்.

பேட்டையிலிருந்து: அழைத்தவனின் எண் கையில் இருக்கும்போது ஆளைப் பிடிக்க ஏன் இத்தனை தாமதம்?

சிம் வேறொருவர் பெயரில் இருக்கும். எண்ணைவிடக் கணக்கின் வழியே போவதுதான் விசாரணைக்கு உதவுகிறது. பணம் போகாமல் தப்பியவர்கள் சந்தேகமான எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போனவர்களுக்கு அது இடமில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து, மீண்டும்: அண்ணாச்சி, தளத்தில் நிரப்பிவிட்டோம். காவல் நிலையத்தில் பார்த்துச் சொன்னார்கள்: மூன்றாவது தொகை 25,000 முழுவதும் நிற்கிறதாம், இரண்டாவதில் 18,400 வேறொரு வங்கியில் நிற்கிறதாம். மற்றது எடுத்தாகிவிட்டது. நிற்கும் பணம் தானாக வருமா?

தானாக வராது. 43,400 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றால் திருடன் எடுக்க முடியாது என்றுதான் பொருள்; உங்களுக்கு அனுப்பும் உத்தரவு இன்னும் பிறக்கவில்லை. கடைசியாகப் போன தொகை முழுவதும் நிற்பதில் வியப்பில்லை. அதை மாற்ற அவனுக்கு நேரம் குறைவாக இருந்திருக்கிறது.

வழக்கமான வழி, எல்லைக்குட்பட்ட நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் அதே சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின்கீழ், நிறுத்திய தொகையை உரியவரிடம் ஒப்படைக்கக் கோரி மனுப் போடுவது. அதற்கு முன் விசாரணை அலுவலரிடம் ஒரு பட்டியல் கேளுங்கள்: எந்த வங்கி, எந்தக் கணக்கு, எவ்வளவு. உங்கள் நிலையில் இரண்டு வங்கிகள் இருப்பதால் இரண்டு பெயரும் இரண்டு தொகையும் உத்தரவில் தனித்தனியே வர வேண்டும். மொத்தமாக 43,400 என்று மட்டும் உத்தரவு வந்தால், இரண்டு கிளைகளும் மற்றதைக் கைகாட்டி உங்களை நடக்கவிடும். மனு ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கையின் நகல், ஒப்புகை எண், கணக்கு அறிக்கை, பணம் வந்து சேர வேண்டிய அப்பாவின் கணக்கு விவரம் ஆகியவற்றை இணையுங்கள். அதே தொகைக்கு வேறொரு மாநிலத்தில் இன்னொருவரும் உரிமை கோரியிருந்தால் இழுக்கும். அது உண்டா என்பதையும் அலுவலரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதி 80,600 ரூபாய்க்கு, அப்பாவின் கிளையில் தனிக் கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. முதல் பற்றான 49,000-க்கு எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவதில் போய்விட்ட 31,600 ரூபாயைப் பற்றி வழக்கறிஞருக்கு என்னைவிட அதிக நம்பிக்கை இருக்கிறது. கடிதத்தின் அந்தப் பத்தியை அவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.