அம்பு என்ன சொல்கிறது? சுழற்சி, பிரமிடு, வென் படங்கள் பற்றிய கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன. பவர்பாயிண்டில் ஆயத்தப் படங்கள் இருக்கும் ஸ்மார்ட்ஆர்ட் பட்டியலைத் திறந்து, பார்க்க நன்றாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுத்தையும் நிரப்பி முடித்த பிறகு வரும் சந்தேகங்கள் அவை. சிலர் ஸ்லைடையே அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் சில பதில்கள் நீண்டுவிட்டன.

புகார்களைக் கையாளும் முறையை ஐந்து படிகள் கொண்ட சுழற்சிப் படமாகப் போட்டிருக்கிறேன். "இதை நேர்க்கோட்டில் போட்டால் போதாதா?" என்கிறார் மேலாளர். யார் சொல்வது சரி?

மேலாளர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொன்ன காரணத்தை நீங்கள் எழுதவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

உங்கள் ஸ்லைடில் இருப்பவை: புகார் பதிவு, வகை பிரித்தல், ஆய்வு, தீர்வு, வாடிக்கையாளருக்குத் தகவல். அங்கிருந்து ஓர் அம்பு மறுபடியும் "புகார் பதிவு"க்குப் போகிறது. அந்தக் கடைசி அம்பை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: "வாடிக்கையாளருக்குத் தகவல் சொன்னதும் புகார் பதிவாகிறது." ஒவ்வொரு தீர்வுக்குப் பிறகும் அதே ஆள் திரும்பவும் புகார் கொடுக்கிறார் என்று உங்கள் படம் சொல்கிறது! நீங்கள் அப்படி நினைத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். வட்டம் மூட வேண்டும் என்பதற்காக வந்து உட்கார்ந்த அம்பு அது.

நான் செய்யும் சோதனை எளிது. ஒவ்வொரு அம்பின் மேலும், அதன் வழியாக என்ன போகிறது என்று ஒரு பெயர்ச்சொல் எழுதுவேன். கடைசி அம்புக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை என்றால் அது சுழற்சி இல்லை. உங்கள் படத்தில் முதல் நான்கு அம்புகளுக்கும் ஒரே பதில்தான், "புகார்". ஐந்தாவதில் ஒன்றுமே போகவில்லை.

அதே வேலைக்குள் உண்மையான சுழற்சி ஒன்று ஒளிந்திருக்கவும் கூடும். அதில் சுற்றி வருவது தனிப் புகார் இல்லை, மாதத்தின் மொத்தப் புகார்கள். "புகார்களைச் சேர்த்தல்" என்ற படியிலிருந்து "காரணம் வாரியாகத் தொகுத்தல்" என்ற படிக்குப் போவது அந்த மாதப் பட்டியல். அங்கிருந்து "முதல் காரணத்தைச் சரிசெய்தல்" என்ற படிக்குப் போவது அதிகம் வந்த காரணம். அங்கிருந்து திரும்பிச் சேருவது, சொல்லப்போனால் மாற்றி எழுதிய படிவம். அந்தப் படிவத்தை நிரப்பியவர்களின் புகார்கள்தான் அடுத்த மாதப் பட்டியலில் வரும். மூன்று படிகள், மூன்று அம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். இப்போது வட்டம் மூடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் குழு இதைச் செய்கிறது என்றால் மட்டும் போடுங்கள். செய்யவில்லை என்றால் நேர்க்கோடுதான்.

"ஆய்வில் தகவல் போதவில்லை, அதனால் பதிவுக்குத் திரும்புகிறது" என்பதுபோல ஒரு சில புகார்கள் மட்டும் பின்னால் போவதற்காகவும் சிலர் வட்டம் போடுகிறார்கள். அதற்கு நேர்க்கோட்டில் ஒரு வளைந்த பின்னம்பு போதும். அதன்மேல் "தகவல் குறைந்தால்" என்று எழுதிவிடுங்கள்.

அம்பின் மேல் எழுதச் சொல்லிவிட்டீர்கள். பவர்பாயிண்டில் எப்படி எழுதுவது? Text Pane-இல் பெட்டிகளுக்கு மட்டும்தானே வரி இருக்கிறது?

அம்புக்குள் எழுத முயல வேண்டாம், அது எப்படியும் அடங்காது. பக்கத்தில் தனி எழுத்துப் பெட்டி வையுங்கள். ஆனால் ஸ்மார்ட்ஆர்ட் மீது மிதக்கும் எழுத்துப் பெட்டிக்கு ஒரு தொல்லை உண்டு. நாளை ஒரு படியைச் சேர்த்தால் படம் தன்னைத்தானே மறுபடி அடுக்கிக்கொள்ளும், உங்கள் பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

அதனால் படிகள் முடிவான பிறகு ஸ்லைடை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, படத்தைத் தேர்ந்தெடுத்து, SmartArt Design தாவலில் Convert, அதில் Convert to Shapes கொடுங்கள். அப்புறம் எல்லாம் சாதாரண வடிவங்கள்தான். இழுக்கலாம், அம்பைத் தடிமனாக்கலாம், எழுத்தோடு சேர்த்துக் குழுவாக்கலாம். ஆனால் Text Pane போய்விடும். நகலை மறக்காதீர்கள் என்பது அதற்காகத்தான்.

எங்கள் நான்கு கொள்கைகளைப் பிரமிடில் வைத்திருக்கிறேன்: தரம், வேகம், நேர்மை, குழு ஒற்றுமை. எது மேலே வர வேண்டும்?

நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதே பதில். இரண்டு அடுக்குகளை இடம் மாற்றினால் யாரும் "தப்பு" என்று சொல்ல மாட்டார்கள் என்றால், அது பிரமிடு இல்லை, பட்டியல். கீழே இருப்பது இல்லாமல் மேலே இருப்பது நிற்காது என்றாலோ, மேலே போகப்போக எண்ணிக்கை குறைகிறது என்றாலோதான் பிரமிடு பொருந்தும். நான்கு வரிகளாகப் போடுங்கள்.

எங்கள் பயிற்சியில் மொத்தம் 1000 பேர். அடிப்படை நிலையில் 640, இடைநிலையில் 240, உயர்நிலையில் 90, பயிற்றுநர்கள் 30. ஒருவர் ஒரு நிலையில்தான் இருப்பார். பிரமிடு சரிதானே?

எண்ணிக்கை மேலே குறைகிறது, ஆள் இரண்டு இடத்தில் எண்ணப்படவில்லை. வடிவம் சரி. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் பிரமிடு உங்கள் எண்களைப் பொய்யாக்கிவிடும்.

சம உயரமுள்ள நான்கு அடுக்குகளாக ஒரு முக்கோணத்தைப் பிரித்தால், மேலிருந்து பரப்பளவு 1 : 3 : 5 : 7 என்று வரும். அதாவது உச்சி அடுக்கு மொத்தத்தில் 6.25%, அடி அடுக்கு 43.75%. நீங்கள் எந்த எண்ணை எழுதினாலும் இந்தப் பங்குகள் மாறாது. உங்கள் பயிற்றுநர்கள் 3% பேர்தான், படத்தில் இரண்டு மடங்காகத் தெரிவார்கள். 64% பேர் இருக்கும் அடிப்படை நிலையோ பாதிகூட இல்லாததுபோலத் தெரியும்.

பரப்பு எண்ணோடு பொருந்த வேண்டுமா? உச்சியிலிருந்து பங்குகளைக் கூட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உங்களுக்கு மேலிருந்து கூட்டினால் 3%, 12%, 36%, 100%. இவற்றின் வர்க்கமூலம் 0.17, 0.35, 0.6, 1. முக்கோணத்தின் உயரம் 12 செ.மீ. என்றால், கோடுகள் உச்சியிலிருந்து ஏறத்தாழ 2.1, 4.2, 7.2 செ.மீ. தூரத்தில் வர வேண்டும். ஒரு முழு முக்கோணம் வரைந்து, அந்த மூன்று இடங்களில் வெள்ளைக் கோடு போட்டால் போதும். உச்சிக்குள் எழுத்து நுழையாது, எனவே நான்கு பெயர்களையும் வலப்பக்கம் ஒரே வரிசையில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு என் சொந்தக் கருத்தைக் கேட்டால், நான் நான்கு கிடைமட்டப் பட்டைகள் கொண்ட விளக்கப்படம்தான் போடுவேன். கண் நீளத்தை நன்றாக ஒப்பிடும், பரப்பை அவ்வளவு சரியாக ஒப்பிடாது. "அடிப்படையிலிருந்துதான் பயிற்றுநர்கள் உருவாகிறார்கள்" என்பது நீங்கள் சொல்ல வந்த செய்தி என்றால் மட்டும் பிரமிடுக்கு இடம் உண்டு.

(உளவியலாளர் மாஸ்லோ அடுக்கிய மனிதத் தேவைகள் என்றாலே பிரமிடு நினைவுக்கு வரும். 1943-இல் வந்த அவருடைய கட்டுரையில் பிரமிடே கிடையாது, அது பின்னால் ஒட்டிக்கொண்டது.)

மூன்று வட்டங்கள் கொண்ட வென் படத்தில் நடுவே மட்டும் எழுதியிருக்கிறேன். இரண்டிரண்டாக வெட்டிக்கொள்ளும் இடங்கள் காலியாக இருக்கின்றன. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. மூன்று வட்டங்களுக்குள் ஏழு பகுதிகள் இருக்கின்றன. நீங்கள் நான்கைத்தான் நிரப்பியிருக்கிறீர்கள். மீதி மூன்றில் ஒன்றும் கிடையாதா, அல்லது யோசிக்கவே இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.

உங்கள் வட்டங்கள் "எழுதப்பட்டவை", "ஒப்புதல் பெற்றவை", "வெளியானவை" என்ற ஆவணங்கள். ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளியாகாது என்று நீங்களே குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் படத்தில் "எழுதப்பட்டு, ஒப்புதல் பெறாமலே வெளியானவை" என்று ஒரு பகுதி பளிச்சென்று நிற்கிறது. தணிக்கையாளர் யாராவது பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பார்! இங்கே வேண்டியது ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். பெரியது எழுதப்பட்டவை, அதற்குள் ஒப்புதல் பெற்றவை, அதற்குள் வெளியானவை. ஸ்மார்ட்ஆர்டில் Stacked Venn இதைப் போட்டுத் தரும்.

ஜான் வென் 1880-இல் எழுதிய முறையில் எல்லாச் சேர்க்கைகளுக்கும் இடம் விட்டுவிட்டு, இல்லாத பகுதியை நிழலிட்டுக் காட்டுவார்கள். அவருக்கு முன்பே கணித அறிஞர் ஆய்லர் போட்ட படங்களில் இல்லாத பகுதியே வரையப்படாது. ஸ்லைடுக்கு எனக்கு ஆய்லர் வழிதான் பிடிக்கும், நிழலுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது வட்டம் சேர்க்கலாமா? Basic Venn அனுமதிக்கிறதே.

அனுமதிக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துக்கொள்ளாது. நான்கு கூட்டங்களுக்கு உள்ளே 15 பகுதிகள் வேண்டும். நான்கு வட்டங்களால் எப்படி வைத்தாலும் 13-க்கு மேல் உருவாக்க முடியாது. மேல், வலம், கீழ், இடம் என்று வைத்தால் எதிரெதிரே இருக்கும் இரண்டு மட்டும் சந்திக்கும் இடம் இருக்காது. மேலும் கீழும் மட்டும் பகிர்ந்துகொள்வதை எங்கே எழுதுவீர்கள்? வென் இதற்காகவே நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். உங்களுக்கு அது வேண்டாம். வரிசையில் பொருட்கள், தலைப்பில் நான்கு பண்புகள், கட்டத்தில் ஒரு டிக் குறி என்று ஓர் அட்டவணை போட்டால் பத்து நொடியில் புரியும்.

இரண்டு வட்டங்கள். பாதிப் பேர் பொதுவானவர்கள். பாதிக்குப் பாதி மேலே ஏற்றினால் சரியா?

ஒரு வட்டத்தின் விளிம்பு மற்றதன் மையத்தைத் தொடும்படி வைப்பதைத்தான் எல்லோரும் "பாதி" என்று நினைக்கிறார்கள். அப்போது பொதுப் பகுதி ஒரு வட்டத்தில் ஏறத்தாழ 39% மட்டுமே. உண்மையாகவே பாதி வேண்டுமானால் மையங்களின் தூரம் ஆரத்தில் 0.81 பங்கு இருக்க வேண்டும். ஆரம் 5 செ.மீ. என்றால் 4 செ.மீ. இது சம அளவுள்ள இரண்டு வட்டங்களுக்குத்தான். மூன்று வட்டங்கள் என்றால் எல்லாப் பகுதிகளையும் எண்ணுக்குப் பொருத்துவது பெரும்பாலும் முடியாது. அப்போது வட்டங்களைச் சமமாக விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எண்ணை எழுதுங்கள்.

சுழற்சிப் படத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் கொடுக்கலாமா?

வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், நீங்கள் பேசப்போகும் படிக்கு மட்டும் வேறு நிறம். வென் படத்தில் கதை வேறு. அங்கே இரண்டு நிறங்கள் கலந்து மூன்றாவது தெரிவதே ஒரு தகவல், அதனால் வட்டத்துக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். கலந்த இடத்தில் எழுத்து படிக்க முடிகிறதா என்று மட்டும் புரொஜெக்டரில் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.