ரீல்ஸ் அனுப்புகிற ஆள் பேசுகிறேன்

கேள்வி: என் கணவர் நாள் முழுக்க மீம்ஸ், ரீல்ஸ் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நேரில் அன்பாக நாலு வார்த்தை பேசுவது குறைவு. இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வதா, பொழுதுபோகாமல் செய்கிறார் என்று விட்டுவிடுவதா? எல்லாவற்றையும் பார்த்துப் பதில் போடவும் முடியவில்லை.

பதில்:

நான் உங்கள் கணவர் ரகம். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் என் மனைவிக்கு ஒரு ரீல்ஸாவது அனுப்பாத நாள் அபூர்வம். அதனால் அனுப்புகிறவன் தரப்பில் என்ன நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

பொழுதுபோகாமல்தான் ஸ்க்ரோல் செய்கிறோம். அதை மறுக்க மாட்டேன். வரிசையாகத் தள்ளிக்கொண்டே போகும்போது ஏதோ ஒன்றில் விரல் நிற்கும். "இதை அவள் பார்த்தால் சிரிப்பாள்" என்று தோன்றும். உடனே அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். மொத்தமே இரண்டு மூன்று நொடி வேலை. பாசம் இருப்பது அந்த நொடியில்தான். ஆனால் எல்லா ரீல்ஸிலும் அது ஒரே அளவில் இருக்காது, சிலவற்றில் சுத்தமாக இருக்காது. எனவே "இது பாசமா?" என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என்னுடைய ஒரு நாள் சரக்கைப் பிரித்துக் காட்டுகிறேன். காலையில் ஒரு பூனை வீடியோ. லேப்டாப் விசைப்பலகை மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. இதையே நண்பர்கள் குழுவுக்கும் அனுப்பியிருந்தேன். இதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, பார்த்தால் சிரிக்கலாம், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. அடுத்தது, ஒரு பெண் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறாள். இது என் மனைவிக்கு மட்டும் போனது. முந்தின வாரம் அவளும் அதையேதான் செய்தாள். யாரோ எடுத்த வீடியோதான், ஆனால் எங்கள் வீட்டுக் கதை. மதியம் ஒன்று, கடற்கரையில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் சிரிக்க எதுவும் இல்லை. எங்காவது போய் வரலாம் என்று எனக்கு இருந்தது, வாயால் கேட்டால் விடுமுறை, செலவு என்று கணக்குப் பேச வேண்டிவருமே என்று வீடியோவாக அனுப்பிவிட்டேன். மாலையில் ஒரு மீம். மேலதிகாரி முன்னால் சிரித்துக்கொண்டே நிற்கிற ஒருவன் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கிறான். அன்று அலுவலகத்தில் எனக்கு வாங்கிக்கட்டிக்கொண்ட நாள்.

அந்தக் கடைசி மீமைப் பார்த்ததும் அவள் போன் செய்து, "ஆபீஸ்ல என்ன ஆச்சு?" என்றாள். மற்ற எதற்கும் பதில் வரவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் பதில் தேவைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

உங்கள் கணவர் அனுப்புவதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். உங்களுக்கு மட்டும் வந்ததா, நாலு பேருக்கும் போனதா? சில சமயம் ஃபார்வர்டு குறியே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றை அது தொடுகிறதா? இதைவிட முக்கியமானது, வழக்கத்திலிருந்து விலகல். எப்போதும் காமெடி அனுப்புகிற மனிதர் திடீரென்று சோகப் பாட்டு வீடியோக்களாக அனுப்பினால், அல்லது ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று நாலு வந்தால், அதில் அவர் சொல்ல நினைத்து சொல்லாமல் விட்டது ஏதோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் உண்டு. அப்போது ரீல்ஸ் கிடையாது, ஆனாலும் பொருந்தும். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு தங்கும் வீடு போலவே ஆய்வுக்கூடம் அமைத்து, புதிதாகக் கல்யாணமான தம்பதிகளை அங்கே சும்மா இருக்கவிட்டுக் கவனித்தார். கணவன் ஜன்னல் வழியாகப் பார்த்து "அங்கே பார், ஒரு பறவை" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை முக்கியமே இல்லை, "என்னோடு ஒரு நொடி இரு" என்கிற அழைப்பு அது. மனைவி திரும்பிப் பார்க்கலாம், கண்டுகொள்ளாமல் இருக்கலாம், எரிந்து விழலாம். ஆறு வருடம் கழித்து அந்தத் தம்பதிகளை மறுபடி விசாரித்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்தவர்களாக இருந்தார்கள். பிரிந்துபோனவர்களில் அது 33 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, வருகிற ரீல்ஸில் 86 சதவீதத்துக்குப் பதில் போட வேண்டுமோ என்று பயந்துவிடாதீர்கள். காட்மன் கவனித்தது ஒரே வீட்டுக்குள் நடந்ததை. "பறவையைப் பார்" என்றால் ஒரு நொடி தலையைத் திருப்பினால் போதும், பறவை பறந்ததும் அந்த அழைப்பும் தீர்ந்துபோகும். ரீல்ஸ் அப்படித் தீராது. நீங்கள் வேலையில் இருக்கும்போது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், மாலையில் திறந்தால் இருபது கிடக்கும். ஒன்றுக்கு முக்கால் நிமிடம் என்று வைத்தாலும் கால் மணி நேரம். அனுப்புகிறவனுக்கு அதில் தனிச் செலவே இல்லை, அவன் எப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான். செலவு முழுக்க வாங்குகிறவர் தலையில். இதனால்தான் அனுப்புகிறவனுக்கு அன்பாகத் தெரிவது உங்களுக்குப் பாக்கி வேலையாகத் தெரிகிறது. யார்மேலும் தப்பில்லை, அமைப்பே அப்படி.

சரி, என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் பார்க்கும் கடமையை விட்டுவிடுங்கள். பூனை ரகத்துக்கு ஒரு சிரிப்பு எமோஜி தாராளம், அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்களுக்கென்றே வந்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். ஒழுங்காக என்றால் நீளமாக அல்ல. "ஹாஹா" என்று வந்தால் அவள் பார்த்தாளா, பார்க்காமலே போட்டாளா என்று எங்களுக்குத் தெரியாது. "என் கண்ணாடிக் கதையை இன்னும் விட மாட்டியா?" என்று ஒரு வரி வந்தால் அன்றைக்கு அதுவே போதும். பதிலே இல்லாமல் "பார்த்தாயிற்று" என்று மட்டும் காட்டுவது சிலரைச் சுடும். என்னைச் சுடாது, ஆனால் அதனால் வருந்துகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். உங்கள் கணவர் எந்த ரகம் என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பகலில் வருவதை அவள் திறப்பதே இல்லை. ராத்திரி, "இன்னிக்கு எதைப் பார்க்கணும்?" என்று கேட்பாள். நான்தான் இரண்டு மூன்றைப் பொறுக்கித் தர வேண்டும். ஒரே போனில் சேர்ந்து பார்ப்போம். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பொறுக்க உட்கார்ந்தால் பாதியை ஏன் அனுப்பினேன் என்று எனக்கே நினைவிருக்காது. நினைவில் நிற்பதைக் காட்டும்போது காரணத்தையும் சொல்ல வேண்டிவரும். கடற்கரை வீடியோவை அப்படித்தான் காட்டினேன். "சும்மாதான்" என்று ஆரம்பித்து, விடுமுறைக் கணக்கெல்லாம் பேசி முடிக்க ரொம்ப நேரமாகிவிட்டது.

ராத்திரி சேர்ந்து உட்கார நேரம் வாய்க்காதவர்களுக்கு இன்னொரு வழி. அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "இது உன்னை மாதிரி", "இதைச் செய்து பார்ப்போமா", எதுவானாலும் சரி. எழுத ஒன்றும் தோன்றாத வீடியோக்கள் தாமாகவே நின்றுவிடும். எண்ணிக்கை குறைக்க இதைவிடச் சுலபமான வடிகட்டி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேரடியாக "இவ்வளவு அனுப்பாதீங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் காதில் அது "உன் நினைப்பு எனக்கு வேண்டாம்" என்றுதான் விழும், அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒன்றுமே வராது. "வேலை நேரத்துல பார்க்க முடியல, ஆனா எனக்குன்னு அனுப்பினதை விட்டுடக் கூடாதுன்னு இருக்கு, அதுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

இனி, எதைப் பாசம் என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்பது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றோ, மனசு சரியில்லை என்றோ சொன்ன நேரத்தில் பதிலுக்கு ஒரு காமெடி மீம் மட்டும் வந்தால், அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று அர்த்தம் கொள்ளலாம். அதற்காக அதையே போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "இப்ப வீடியோ வேண்டாம், போன் பண்ணுங்க" என்று உடனே சொல்லிவிடுங்கள். சண்டைக்கு அப்புறம் வருகிற மீமும் அப்படித்தான். கதவைத் திறக்க அது நல்ல வழி. ஆனால் ஒவ்வொரு தடவையும் மீமோடு சிரித்து முடிந்து, சண்டை எதற்கு வந்ததோ அதை யாரும் மறுபடி எடுப்பதில்லை என்றால், அடுத்த சண்டையும் அதே விஷயத்துக்குத்தான் வரும். "மனைவி என்றாலே இப்படித்தான்" ரக நையாண்டி அடிக்கடி வந்தால், சிரிப்பு எமோஜி போட்டுத் தாண்டிப் போகாமல், "இதுல நான் இருக்கேனா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சில சமயம் "சே, இல்ல" என்று வரும். சில சமயம் கொஞ்ச நேரம் பதிலே வராது. அப்போது உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நேரில் நாலு வார்த்தை பேசுவதில்லை என்றீர்களே, அந்தக் குறை ரீல்ஸுக்கு எவ்வளவு நன்றாகப் பதில் போட்டாலும் தானாகத் தீராது. எங்களைப் போன்றவர்களுக்கு அடுத்தவன் முகமும் அடுத்தவன் குரலும் முன்னால் நின்றால் கூச்சம் இல்லை. சொந்த வாயால் சொல்வதுதான் சிக்கல். வெறுமனே "என்கிட்ட அன்பா பேசுங்க" என்று கேட்டால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்போம். அன்றைக்கு அவர் அனுப்பியதிலேயே ஒன்றைக் காட்டி, "இதை எனக்கு ஏன் அனுப்பினீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியும். பெரும்பாலும் "பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது" என்று ஆரம்பிக்கும். மீதியையும் கேட்டு வாங்குங்கள்.