72 சதவீதம் ஜெர்மனியில் எவ்வளவு?

"மூணு வருஷ பி.எஸ்சி. வெளிநாட்டுல செல்லாதாமே சார்?" என்று கேட்டபடி ஓர் அம்மா மகளோடு வந்தார். மகள் இயற்பியலில் 72 சதவீதம். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா, "இந்தியாவுலேயே ஒரு வருஷ டிப்ளமோ முடிச்சிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ்.ஸுக்கு வா" என்கிறாராம். டிப்ளமோவுக்கு மட்டும் நாலு லட்சம்.

அந்தப் பணத்தைக் கட்டாதீங்கம்மா. டிப்ளமோவைச் சேர்த்து நாலு வருடமாக எண்ணுவதா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். கட்டிய பிறகு கைவிரித்தால் யாரைக் கேட்பது? கம்ப்யூட்டர் சயின்ஸ் பெரியப்பாவின் விருப்பம். உங்கள் மகளோ என் மேசையிலிருந்த லென்ஸை எடுத்தவள், கிளம்பும்வரை கீழே வைக்கவில்லை.

இயற்பியல் முதுகலைக்கு ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே இளங்கலைப் படிப்பே பெரும்பாலும் மூன்று ஆண்டுதான், 180 கிரெடிட். வருடக் கணக்கைவிட மதிப்பெண்ணை மாற்றும் விதம்தான் அங்கே பிள்ளைகளைத் தடுக்கிறது. அங்கே 1 சிறந்தது, 4 வெறும் தேர்ச்சி. பவேரியச் சூத்திரம் என்ற ஒன்றை வைத்து மாற்றுவார்கள்:

`1 + 3 × (100 − 72) ÷ (100 − 40) = 2.4`

இதில் 40 என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி மதிப்பெண். மதிப்பெண் பட்டியலில் அது தெளிவாக இல்லாமல், பார்ப்பவர் 50 என்று எடுத்துக்கொண்டால் அதே 72, 2.68 ஆகிவிடும். 2.5-க்குள் கேட்கும் படிப்பில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது; மதிப்பெண் குறைவென்று அவன் பல மாதம் நம்பிக்கொண்டிருந்தான்.

அடுத்தது கிரெடிட். மூன்று ஆண்டுக்கு நம்மூரில் 140 என்றால், அதை 180-க்கு விகிதப்படுத்துவது வழக்கம். நாலு கிரெடிட் தாள் ஏறக்குறைய ஐந்தாகும். ஆனால் அந்த 140-இல் தமிழ், ஆங்கிலம், துணைப்பாடம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இயற்பியலும் கணிதமும் மட்டும் எத்தனை தேறும் என்று தனியாகக் கூட்டிப் பாருங்கள். படிப்பின் அறிவிப்பில் கேட்டதைவிடக் குறைந்தால் விண்ணப்பிக்க வேண்டாம். 210 கிரெடிட் கேட்பவற்றையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தாளின் பாடத்திட்டமும் வகுப்பு நேரமும் கொண்ட பக்கங்களைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். தாளின் பெயரை மட்டும் வைத்து அவர்கள் எதையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஜெர்மன் தூதரகத்தின் கல்வி மதிப்பீட்டு மையம் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று பார்த்துத் தருவது அது. சேர்க்கைக்கு உத்தரவாதம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. விசாவுக்காக முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுச் செலவைப் போட வேண்டும். இப்போது அது 11,904 யூரோ, பதினொரு லட்சத்துக்கு மேல். அங்கே போனபின் மாதாமாதம் அவளுக்கே அது திரும்ப வரும். அந்தத் தொகை வீட்டில் இல்லையென்றால், நகையை விற்று இந்த வருடமே அனுப்ப வேண்டாம்.

திங்கட்கிழமை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒரே ஒரு கடிதம் கேளுங்கள்: "அதிகபட்சம் 100, குறைந்தபட்சத் தேர்ச்சி 40."