ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: எப்படித் திரும்பப் பெறுவது?

"வேற பேங்க் ஏடிஎம்ல பத்தாயிரம் எடுக்கப் போனேன், பணம் வரல, ஆனா கழிஞ்சிடுச்சு. யாருக்கு எழுதணும், எத்தனை நாள் காத்திருக்கணும்?"

ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும், உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கிக்குத்தான் எழுத வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, பணம் எடுக்க முயன்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும், விடுமுறை நாளும் இதில் சேரும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதை நீங்கள் கேட்காமலே தர வேண்டும். ஜூலை 3-ல் முயன்றீர்கள் என்றால் கெடு ஜூலை 8, பணம் 14-ல் வந்தால் 600 ரூபாய் சேர்த்து வரணும்.

ஆனாலும் கெடு முடியும்வரை சும்மா இருக்காதீர்கள், அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி புகார் எண் வாங்குங்கள். தேதி, நேரம், ஏடிஎம் எண், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும். பின் எண்ணை யார் கேட்டாலும் தராதீர்கள்.

சிக்கல் வருவது, "பரிவர்த்தனை வெற்றி" என்று ஒரு வரியில் புகாரை மூடும்போதுதான். அப்போது இயந்திரத்தின் மின்னணுப் பதிவேடு (ஜேபி லாக் என்பார்கள்), அன்றைய பண இருப்புச் சரிபார்ப்பு, கேமரா பதிவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பணம் வெளியே வரவில்லையென்றால் பெட்டியில் அந்தத் தொகை கூடுதலாக இருந்தாக வேண்டும். கேமரா பதிவு அழிவதற்குள் கேட்பது முக்கியம். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.