மூன்று தையலுக்கு மூன்று பாக்கெட்டா?

கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தார்கள். மூன்று தையல். பில்லில் "சில்க் 3-0, மூன்று" என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். தையலுக்கு ஒரு பாக்கெட் என்பது சரியான கணக்கா?
வாசகர், மஞ்சக்குப்பம்

சரியில்லை. தையல் நூல் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே வளைந்த ஊசி ஒன்றும், அதன் வாலிலேயே பொருத்திய நூலும் இருக்கும். நூலின் நீளம் உறையிலேயே அச்சிட்டிருக்கும். 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஊசிப்பிடியால் முடிச்சுப் போட்டு வெட்டினால் ஒரு தையலுக்குச் சுமார் ஐந்தாறு செ.மீ. போகும். மூன்றுக்கு 18. மிச்சம் 27 செ.மீ. குப்பைக்குத்தான் போகும், ஏனென்றால் அதை அடுத்தவர் வாயில் போடக் கூடாது. எனவே ஒரு முழுப் பாக்கெட்டுக்கு உங்களிடம் பணம் வாங்கியது நியாயம். மூன்றுக்கு வாங்கியதற்குக் காரணம் வேண்டும். ஊசி கீழே விழுந்திருக்கலாம், முனை மழுங்கியிருக்கலாம். அது இரண்டாவது பாக்கெட்டுக்குச் சரி. மூன்றாவதுக்கும் அதே கதை சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். 3-0 என்பது நூலின் தடிமன், மூன்று பூஜ்யம் என்று பொருள். பூஜ்யம் கூடக்கூட நூல் மெலியும், 4-0 இதைவிட மெல்லியது. பில் போடும் பிள்ளை அதை மூன்று எண்ணம் என்று படித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. முதலில் சண்டை போடாமல் கேளுங்கள்.

நான் நாற்பது வருடமாகத் துணி தைப்பவன். என் ஈற்றில் டாக்டர் ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிந்து முடிந்து வெட்டினார். ஓட்டுத் தையலாகப் போட்டிருந்தால் நூலும் நேரமும் மிச்சம். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் இப்படியா?
தையல்காரர், முத்தியால்பேட்டை

இல்லை ஐயா. இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்தது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் டாக்டர் செய்தது சரி.

ஓட்டுத் தையலில் நடுவில் நூல் அறுந்தால் சட்டை என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயில் அந்த நூல் மேல் நாக்கு போய்ப் போய் வருடும், சோறு உரசும், எச்சில் நாள் முழுக்க ஊறும். தனித்தனி முடிச்சில் ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் சீழ் கட்டினால் அந்த ஒன்றை மட்டும் வெட்டிவிடலாம். வரிசையாகப் பல பற்களை எடுத்து நீளமாகத் திறந்திருந்தால் ஓட்டுத் தையலும் போடுவார்கள். ஒரு ஞானப்பல் குழிக்கு அது தேவையில்லை.

நீங்கள் ரசிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலும்பிலிருந்து பிரித்து மடக்கிவைத்த ஈறு தளர்ந்த பக்கம், எலும்போடு ஒட்டியே இருப்பது அசையாத பக்கம். ஊசி முதலில் தளர்ந்த பக்கத்தில் செங்குத்தாக இறங்கி, அடியில் வளைந்து, அசையாத பக்கத்தின் வழியே மேலே வரும். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. தள்ளிக் குத்த வேண்டும். ஓரமாகக் குத்தினால் நனைந்த காகிதம் போல ஈறு கிழிந்து நூலோடு வந்துவிடும். முடிச்சுக்கு முதலில் ஒரு பக்கமாக இரண்டு சுற்று, பிறகு எதிர்ப்பக்கமாக ஒன்று, மறுபடி ஒன்று. முதல் சுற்றை இரண்டாகப் போடுவது, அடுத்தது விழும்வரை அது வழுக்கிவிடாமல் இருக்கத்தான். முடிச்சு, வெட்டிய கோட்டின் மேல் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். கோட்டின் மேல் உட்கார்ந்தால் அழுக்கு அங்கேயே தங்கும்.

இறுக்கம்தான் கைப்பக்குவம். துணியை அளவுக்கு மீறி இழுத்தால் சுருக்கம் விழும், ஈற்றை இழுத்தால் வெளுக்கும். வெளுத்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். அதை அப்படியே விட்டால் விளிம்பு செத்து, நூல் ஈற்றை அறுத்துக்கொண்டு வெளியே வரும். அதிலும் இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும்போது அதே தையல் இன்னும் இறுகும். இரண்டு விளிம்பும் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு இழுத்தால் போதும்.

நகவெட்டியால் நானே தையலைப் பிரித்துக்கொள்ளலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

கூடாது.

கரையும் நூல் என்று கூடுதல் பணம் வாங்கினார்கள். மூன்று வாரம் ஆகியும் நூல் வாயிலேயே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
வாசகி, பண்ருட்டி

எந்த நூல் என்பதைப் பொறுத்தது. கரையும் நூல் என்பது ஒரே சரக்கு அல்ல. கேட்கட் என்பது பழைய வகை, ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுப்பது. பெயரில் பூனை இருக்கிறதே தவிர பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குரோமியம் உப்பில் ஊறவைத்த கேட்கட் வாயில் ஒரு வாரம் பத்து நாளில் இற்றுவிடும். விக்ரில் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த பாலிகிளாக்டின் செயற்கை நூல். உடலுக்குள் அது முழுக்கக் கரைய 56 முதல் 70 நாள் வரை ஆகும். வாயில் பெரும்பாலும் அதற்கு முன்பே தளர்ந்து உதிர்ந்துவிடும், ஆனால் மூன்று வாரம் இருப்பது அதிசயம் இல்லை. அதிலேயே சீக்கிரம் இற்றுப்போகும் ரகமும் உண்டு, அது இரண்டு வாரத்தில் பிடிப்பை இழந்துவிடும். உங்கள் நூல் ஊதாவாகவோ நிறமில்லாமலோ இருந்தால் ஏமாறவில்லை, பொறுத்திருங்கள். நன்றாகக் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் சில்க். சில்க் வாயில் தானாகக் கரையாது.

கண்ணாடியில் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ரத்தக்கறையோடு ஊதாவும் கறுப்பாகத்தான் தெரியும்.

என் கதையையும் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில், திரும்ப வரும் அலைச்சல் மிச்சம் என்று கரையும் நூலுக்குத் தனியாகப் பணம் கட்டினேன். பத்தாம் நாளும் நூல் கன்னத்தைக் குத்தியது. போய்ப் பிரித்துக்கொண்டு, நூலை வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்துப் பார்த்தேன். கரிக்கறுப்பு, மூன்று புரி பின்னல் போல் முறுக்கு. கேட்டால் "அன்னைக்கு ஸ்டாக் இல்ல சார்" என்றார்கள். என் பில்லில் "தையல் பொருள்" என்று மட்டும் இருந்தது. எந்தப் பொருள் என்று எழுதாததால் எதையும் நிரூபிக்க வழியில்லை. வாராவாரம் ஊருக்கு உபதேசம் செய்கிறவன், தன் பில்லைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து "தையல் பொருள்" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழம் வாங்கினால் பில்லில் "பழம்" என்று எழுதினால் ஒப்புக்கொள்வோமா? ஆப்பிளா, வாழையா? நூலின் பெயர், தடிமன், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அந்தச் சின்ன உறையில் அச்சிட்டிருக்கிறது. உறையைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கரையும் நூல் என்றால் உசத்தி என்ற நினைப்பையும் விடுங்கள். சில்க் மெத்தென்று இருக்கும், முடிச்சு நழுவாது, கன்னத்தைக் குத்துவதும் குறைவு. அதன் குறை, புரி முறுக்குக்குள் திரிபோல எச்சிலையும் கிருமியையும் இழுத்துக்கொள்வது. அதனால்தான் நாள் கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். திரும்பி வர முடியாதவர்களுக்கும், நாற்காலியில் இரண்டாவது முறை உட்கார மறுக்கும் குழந்தைகளுக்கும் கரையும் நூலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

சில்க் தையலை ஏழாம் நாள் பிரிக்க வரச் சொன்னார்கள். கல்யாணம், அப்புறம் மழை. 26ஆம் நாள் போனேன். நூலின் மேல் ஈறு வளர்ந்துவிட்டது என்று மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். புகார் கொடுக்கலாமா?
வாசகர், லாஸ்பேட்டை

யார் மேல்? மழை மேலா?

ஏழாம் நாள் போயிருந்தால் ஐந்து நிமிட வேலை. கிருமிநாசினியால் துடைத்து, சிறு இடுக்கியால் முடிச்சைத் தூக்கி, ஈற்றை ஒட்டினாற்போல் ஒரு பக்க நூலை மட்டும் வெட்டி இழுப்பார்கள். ஈற்றுக்கு வெளியே கிடந்த அழுக்கு நூல் ஈற்றுக்குள் புகுந்து வராதபடி பார்த்து வெட்டுவதுதான் அதில் உள்ள நுணுக்கம். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. நீங்கள் அதை 26 நாள் ஊறவைத்து, ஈற்றைக் கீறி எடுக்கும் வேலையாக மாற்றிவிட்டீர்கள். கொடுத்த பணம் உங்கள் கணக்கு.

ஆனால் சொன்ன நாளில் போன ஒருவரிடம், ஒப்புக்கொண்ட அறுவைத் தொகைக்கு மேல் தையல் பிரிக்கத் தனிக் காசு கேட்டால் அது வேறு கதை. அவர் எனக்கு எழுதட்டும்.

ஐந்தாம் நாள், ஒரு தையல் சாப்பாட்டோடு போய்விட்டது. விழுங்கிவிட்டேன் போலிருக்கிறது. இலவசமாகத் திரும்பப் போடச் சொல்லலாமா?
வாசகர், வில்லியனூர்

ரத்தம் கசியவில்லை, ஈறு திறந்து கொள்ளவில்லை என்றால் திரும்பப் போடவே வேண்டாம். விழுங்கியது தானாக வெளியே போய்விடும். இதுவே முதல் இரண்டு நாளில் நடந்து ரத்தமும் வந்திருந்தால், சுத்தமான பஞ்சுத்துணியை அந்த இடத்தில் வைத்து அரை மணி நேரம் விடாமல் கடித்துக்கொண்டு அன்றே போயிருக்க வேண்டும். அப்போது காசு கேட்டால் சண்டை போடலாம்.

வீட்டு வேலை செய்கிறேன். ஐந்து தையல் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். எட்டாம் நாள் பிரித்தபோது இரண்டுதான் எடுத்தார்கள். மீதி என்ன ஆனது என்று கேட்டால் "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்கிறார்கள். படிக்காதவள் என்பதால் இப்படியா?
வாசகி, கடலூர் முதுநகர்

அம்மா, நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். இந்தப் பக்கத்துக்கு எழுதும் பட்டதாரிகள் பலர் அதைச் செய்வதில்லை.

பணத்துக்கு முன்னால் வாய். மூன்று தையல் உதிர்ந்திருக்கலாம், போடாமலே பில்லில் ஏறியிருக்கலாம், அல்லது எடுக்காமல் ஈற்றுக்குள்ளேயே இருக்கலாம். கடைசி ஒன்றுதான் ஆபத்து. அந்த இடம் சிவந்து, தொட்டால் வலித்து, சின்னக் கொப்புளம் போல் வந்தால் நூல் உள்ளே மாட்டியிருக்கிறதோ என்று பார்க்க வேண்டும். வேறொரு பல் டாக்டரிடமோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியிலோ காட்டி, பார்த்ததைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, முதலில் போன இடத்தில் உங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். எத்தனை தையல், என்ன நூல் என்பது அதில் இருக்க வேண்டும். பில்லில் ஐந்தும் குறிப்பில் இரண்டும் இருந்தால் புகார் கொடுக்கலாம். காசு வாங்கிச் செய்த சிகிச்சைக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து தமிழில் சொல்லலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில், மருந்துச் சீட்டு, இரண்டாவது டாக்டரின் சீட்டு மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.