அனிமேஷன் பழக ஓராண்டு: முதல் மூன்று மாதம் பந்து

கல்லூரி மாணவி: எனக்கு அனிமேஷனில் எதுவுமே தெரியாது. வாரம் ஆறு மணி நேரம் கிடைக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு எப்படிப் பழகுவது?

முதல் மூன்று மாதம் பந்தும் ஊசலும் மட்டும். நான்கு, ஐந்தாம் மாதங்களில் வால் வைத்த பந்தையும் மாவு மூட்டையையும் அசைக்கும் பயிற்சி. ஆறு முதல் எட்டு வரை நடை. அடுத்த இரண்டு மாதம் பாரம் தூக்குவது, குதிப்பது, உட்கார்ந்து எழுவது. கடைசி இரண்டு மாதத்துக்கு 10 நொடிக் காட்சி ஒன்றே ஒன்று. குறும்படம் வேண்டாம்.

வாரத்தை மூன்று நாளாகப் பிரியுங்கள். ஒரு நாள் நிஜப் பந்தைப் போனில் எடுத்து பிரேம் பிரேமாகப் பாருங்கள். ஒரு நாள் வரையுங்கள். மூன்றாம் நாள் அதையே திருத்துங்கள். இந்தத் திருத்தும் நாளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வாரத்துக்கு ஒரு தாளும் அளவுகோலும் போதும். சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விடும் பந்து தரையைத் தொட அரை நொடி ஆகும். நொடிக்கு 24 பிரேம் என்றால் 12 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் ஆறு படம் போதும். 18 செ.மீ. கோடு போட்டு, மேலிருந்து 0.5, 2, 4.5, 8, 12.5, 18 செ.மீ. தூரங்களில் பந்தை வையுங்கள். இடைவெளி 1, 3, 5, 7, 9, 11 என்ற கணக்கில் விரிகிறது. புவியீர்ப்பு அப்படித்தான் இழுக்கிறது. மேலே ஏறும்போது உச்சியிலிருந்து இதே தூரங்கள், தலைகீழ் வரிசையில். அடுத்த துள்ளலின் உயரம் 12.5 செ.மீ., ஐந்து படம். அதற்கடுத்தது 8 செ.மீ., நான்கு படம். எல்லா இடைவெளியும் சமமாக இருந்தால் பந்து விழாது, கயிறு கட்டி இறக்கியதுபோல் வரும்.

ஐ.டி. ஊழியர்: பிளெண்டர் மென்பொருளில் இதைத்தான் செய்தேன். பந்து பலூன் மாதிரி மிதக்கிறதே?

ஒரு பிரேமில் பந்தின் இடத்தைப் பதிக்கும் குறிதான் கீ. அதை வைத்ததும் மென்பொருள் இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. உச்சியில் அது சரி, தரையில் தவறு. `Graph Editor` திறந்து, தரையைத் தொடும் கீயைத் தேர்ந்து, `V` அழுத்தி `Vector` கொடுங்கள். வளைவு உச்சியில் உருண்டையாகவும் தரையில் கூராகவும் இருக்க வேண்டும்.

ஓவிய ஆசிரியர்: பந்து தரையில் நசுங்காவிட்டால் உயிரே இருக்காது. ஸ்குவாஷை ஏன் முதல் வாரத்திலேயே சொல்லவில்லை?

ரப்பர் பந்துக்கு நீங்கள் சொல்வது சரி. இரும்புக் குண்டுக்கு? அதன் கனத்தை இடைவெளியும் துள்ளலின் உயரமும்தான் காட்ட வேண்டும். நசுக்கத் தெரிந்தவர் தப்பான இடைவெளியை அதை வைத்தே மறைத்துவிடுவார். அதனால் மூன்றாம் வாரம்.

அதே ஆசிரியர்: கிரிக்கெட் பந்துகூட மட்டையில் நசுங்குவதை ஸ்லோமோஷனில் பார்த்திருக்கிறேன்.

நசுங்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடுகை ஒரு மில்லிநொடி அளவுதான். ஒரு பிரேமே 42 மில்லிநொடி நிற்கிறது. அதை ஒரு முழுப் பிரேமில் வரைந்தால் கிரிக்கெட் பந்து ரப்பர் பந்தாகிவிடும்.

இன்னொருவர்: கார்ட்டூனில் மிகைதானே அழகு?

அழகுதான். எவ்வளவு மிகை என்பதில் நானும் ஆசிரியரும் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது. இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

வீடியோ எடிட்டர்: நான் கல்யாண வீடியோவுக்கு எழுத்துகள் பறந்து வருவதுபோல் செய்கிறேன். எனக்கும் இந்த ஓராண்டுத் திட்டம் தேவையா?

முதல் மூன்று மாதம் போதும். எழுத்து வந்து உட்காருவதும் பந்து கணக்குதான். நடையை விட்டுவிடுங்கள்.

ஒருவர்: எந்த மென்பொருள் நல்லது?

வரைய பென்சில்2டி அல்லது கிருதா. முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். மூன்றும் இலவசம்.

மற்றொருவர்: ஆரம்பிக்க எது பெஸ்ட் சாஃப்ட்வேர்?

மேலே இருக்கிறது. ஒன்றை எடுத்து ஆண்டு முழுக்க அதிலேயே இருங்கள்.

பெற்றோர்: படிப்புக் கட்டணம், வேலை, சம்பளம்?

என் துறை அல்ல. ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

பள்ளி மாணவன்: அண்ணா, நடைக்கு ஆறு மாதம் காத்திருக்கணுமா? நான் போன வாரமே செய்துவிட்டேன், கால் மட்டும் வழுக்குகிறது.

தம்பி, தரையில் ஊன்றிய கால், உடலிலிருந்து பார்த்தால், உடல் முன்னேறும் அதே அளவு ஒவ்வொரு பிரேமிலும் பின்னால் போக வேண்டும். உன் இடைவெளிகள் சமமாக இல்லை, அதனால் வழுக்குகிறது. அப்புறம் இடுப்பைப் பார். ஓர் அடிக்கு 12 பிரேம் வைத்தால், குதிகால் ஊன்றியதும் இடுப்பு தாழும். மற்றக் கால் கடந்துபோனதும் உயரும். அதுவும் ஒரு துள்ளல்தான். கால்களை மறைத்து இடுப்பை மட்டும் ஓட்டு. ஆள் நடப்பது தெரிந்தால் அடுத்த பயிற்சிக்குப் போ. தெரியாவிட்டால் இரண்டு வாரம் பந்துக்குத் திரும்பிப் போய்விட்டு வா.